இரண்டரை நொடி வாடகைக்கு

பத்தடி அகலமுள்ள ஒரு கடையை நடந்து கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? அவசரமில்லாமல் நடப்பவர் நொடிக்குச் சுமார் நான்கு அடி தூரம் போகிறார். அப்படியானால் இரண்டரை நொடி. அதற்குள் கடை அவர் கண்ணில் பட வேண்டும். உள்ளே என்ன விற்கிறார்கள் என்று புரிய வேண்டும். அது இன்றைக்குத் தேவையா என்று மனம் முடிவெடுக்க வேண்டும். கால் நிற்க வேண்டும். மாதம் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு விடப்படும் ஒரு சின்னக் கடையில் வாடகையின் பெரும்பகுதி இந்த இரண்டரை நொடிக்குத்தான்.

ஷட்டரில் தொங்கும் அட்டையில் இது இருப்பதில்லை. ‘கடை வாடகைக்கு. 160 சதுர அடி. மெயின் ரோடு. எல்லாத் தொழிலுக்கும் ஏற்றது’ என்று நான்கு வரி எழுதி, கீழே ஒரு கைபேசி எண்ணைப் போட்டுவிடுவார்கள். இன்னும் சில வரி சேர்த்தால் முகப்பையும், ஆள் நடமாட்டத்தையும், அங்கே எந்தத் தொழில் பிழைக்கும் என்பதையும் சொல்லிவிட முடியும். சொல்வதற்கு வேண்டியவை ஒரு டேப்பு, ஒரு பேனா, இரண்டு மாலைப்பொழுது. ஆனால் அளக்கத் தொடங்கினால், பத்தடிச் சுவருக்குள் இவ்வளவு விஷயம் ஒளிந்திருக்கிறதா என்று வியப்பாக இருக்கும்.

கணக்குக்காக ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். சென்னைப் புறநகர் ரயில் நிலையம் ஒன்றிலிருந்து வடக்கு நோக்கிப் போகும் முப்பதடிச் சாலை. நிலையத்திலிருந்து மூன்று நிமிட நடையில், சாலையின் மேற்குப் பக்கத்தில், கிழக்குப் பார்த்த கடை. உள்ளளவு பத்துக்குப் பதினாறு. கடைக்கு முன்னால் மூன்றடி சொந்த இடம் உண்டு. வாடகை பன்னிரண்டாயிரம்.

முதலில் டேப்பை எடுத்து முகப்பை அளப்போம். சுவரிலிருந்து சுவர் வரை பத்தடி. ஆனால் ஷட்டர் ஓடும் தடத்துக்கும் தூணுக்கும் இருபுறமும் ஓரடி போய்விடுகிறது. திறந்த வாசல் எட்டடிதான். விளம்பரத்தில் பத்தடி என்று போட்டுவிட்டால், கண்ணாடிப் பெட்டி வாங்கி வைத்த பிறகுதான் வாடகைதாரருக்கு உண்மை தெரியும். ஆகவே இரண்டு எண்ணையும் எழுதவேண்டும். உள்ளே பத்து, ஷட்டர் எட்டு. நடப்பவர் கணக்கில் இரண்டரை நொடி இப்போதே இரண்டாகிவிட்டது.

அந்த இரண்டு நொடியும் அவருக்கு முழுசாகக் கிடைக்கிறதா என்றால், அதுவும் இல்லை. கடையை ஒட்டி நடப்பவர் முகப்பை நேராகப் பார்ப்பதில்லை, பக்கவாட்டில் பார்க்கிறார். கடை வரிசையிலிருந்து மூன்றடி தள்ளி நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருபதடிக்கு முன்னால் அவர் வரும்போது, அந்த எட்டடி வாசல் அவர் கண்ணில் இரண்டரை பாகைக்கும் குறைவான கோணத்துக்குள் ஒடுங்கிவிடுகிறது. கையை நீட்டிக் கட்டைவிரலைப் பிடித்தால் விரலின் அகலம் கண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு பாகை. ஆக, மொத்தக் கடையும் ஒரு கட்டைவிரல் அகலக் கீற்று. ஐந்தடி தூரத்துக்கு வரும்போது அது பதினெட்டு பாகையாக விரிகிறது. நேர் எதிரே வந்ததும் நூறு பாகையைத் தாண்டிக் கண்ணை நிறைக்கிறது. கடை மலர்வது கடைசி இரண்டு நொடியில்தான். அதற்குள் அவர் கால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறது.

சாலைக்கு நேராகக் குறுக்கே நீட்டிய ஒரு சின்னப் பலகையை இப்போது எண்ணிப் பாருங்கள். அகலம் இரண்டே அடி. அதே இருபதடி தூரத்திலிருந்து அது ஏறக்குறைய ஆறு பாகை தெரியும். எட்டடி வாசலைவிட இரண்டடிப் பலகை இருமடங்குக்கு மேல் பெரிதாகத் தெரிகிறது! பழைய கடைத்தெருக்களில் பல் மருத்துவரும் கண்ணாடிக் கடைக்காரரும் குறுக்குப் பலகை மாட்டியதற்குப் பின்னால் இந்த வடிவியல் இருக்கிறது. அந்தப் பலகையைச் சாலைக்குள் நீட்டாமல், தன் எல்லைக்குள்ளேயே நிறுத்த இடம் வேண்டும். நம் கடைக்கு முன்னாலுள்ள மூன்றடி சொந்த இடம் அதற்குத்தான் உதவுகிறது. உரிமையாளர்கள் பெரும்பாலும் எழுத மறக்கும் வரி இது. உள்ளே ஐம்பது சதுர அடி கூடுதலாக இருப்பதைவிட இந்த மூன்றடி மதிப்புள்ளது என்பேன்.

எதிர்ப்பக்கத்தில் நடப்பவரின் கதை வேறு. முப்பதடி தள்ளி நிற்கும் அவருக்கு நம் வாசல் பதினைந்து பாகை அகலத்தில், சாவகாசமாக, நேராகத் தெரிகிறது. ஆனால் அவர் சாலையைக் கடந்து வர வேண்டும். பக்கத்தில் போகிறவருக்குக் கடை எட்டும், சரியாகத் தெரியாது. எதிரே போகிறவருக்குத் தெரியும், எட்டாது. ஒரே முகப்புக்கு இப்படி இரண்டு விதமான பார்வையாளர்கள். ஷட்டருக்கு மேலே உள்ள பெரிய பலகை எதிர்ப்பக்கத்துக்காரருக்கு. குறுக்குப் பலகையும் வாசலில் அடுக்கிய சரக்கும் இந்தப் பக்கத்துக்காரருக்கு.

முகப்பை விழுங்கும் பொருள்களும் உண்டு. மின்கம்பம், மின்மாற்றி, மரம், ஆட்டோ நிறுத்தம், தன் சரக்கை மூன்றடி முன்னால் தள்ளி வைக்கும் பக்கத்துக் கடை. கடைசியில் சொன்னது நிலையத்திலிருந்து வரும் பக்கத்தில் இருந்தால், கட்டைவிரல் கீற்றும் காணாமல் போய்விடும். விளம்பரத்துக்குப் படம் எடுப்பவர்கள் நேர் எதிரே நின்று, வண்டிகள் இல்லாத மதிய நேரத்தில், மூடிய ஷட்டரைப் பிடிக்கிறார்கள். வாடிக்கையாளர் ஒருபோதும் பார்க்காத காட்சி அது. படம் எடுக்க வேண்டிய இடம், கூட்டம் வரும் திசையில் இருபதடி தள்ளி, நடப்பவரின் கண் உயரத்தில். நேரம், மாலை ஏழு மணி.

அகலத்துக்கு இவ்வளவு மதிப்பு என்றால் ஆழத்துக்கு? இங்கிலாந்தில் கடை வாடகையை மதிப்பிடுகிறவர்கள் இதற்கு அழகான ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். முகப்பிலிருந்து உள்ளே முதல் இருபதடிக்கு முழு மதிப்பு. அடுத்த இருபதடிக்குப் பாதி. அதற்கடுத்த இருபதடிக்குக் கால். மண்டல முறை என்று இதைச் சொல்லலாம். கடையைக் குறுக்காக வெட்டி, உள்ளே போகப் போக மதிப்பைப் பாதியாக்கிக்கொண்டே போவது. இதை வைத்து இரண்டு கடைகளை ஒப்பிடுவோம். இரண்டும் 400 சதுர அடிதான். ஒன்று இருபதுக்கு இருபது. அது முழுக்க முதல் மண்டலத்தில் இருப்பதால் 400-ஆகவே கணக்கில் வரும். இன்னொன்று பத்தடி அகலம், நாற்பதடி ஆழம். முதல் இருநூறு சதுர அடி முழுசாக, அடுத்த இருநூறு பாதியாக, மொத்தம் 300. சதுர அடி ஒன்றானாலும் மதிப்பில் கால் பங்கு குறைந்துவிட்டது. விளம்பரத்தில் பரப்பை மட்டும் போட்டால் இந்த வேறுபாடு மறைந்துபோகும். அதனால்தான் ‘160 சதுர அடி’ என்பதைவிட ‘பத்துக்குப் பதினாறு’ என்பது நேர்மையான வரி. நம் கடை பதினாறு அடியோடு முடிந்துவிடுவதால் முழுக்க முதல் மண்டலம். சின்னக் கடையின் பலம் இதில் இருக்கிறது. அங்கே வீணான மூலை கிடையாது.

முகப்பின் உயரத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சாலையிலிருந்து கடைத் தரைக்கு ஒரு படியா, மூன்று படியா? மூன்று படி என்றால் முழங்கால் வலிக்காரரும் கைக்குழந்தைக்காரரும் கீழேயே நின்று கேட்பார்கள். படியே இல்லையென்றால் மழை உள்ளே வரும். சாலைக்கு மேல் சாலை போடப்பட்டு, ஒரு காலத்தில் இரண்டு படி ஏறிய கடைகள் இன்று பள்ளத்தில் இருப்பதைப் பல ஊர்களில் பார்க்கலாம். தண்ணீர் வந்ததா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஷட்டரின் அடிப் பட்டைகளைப் பாருங்கள். துரு ஒரே மட்டத்தில் கோடு போட்டதுபோல் நின்றிருந்தால், தண்ணீர் அதுவரை வந்து நின்றிருக்கிறது.

அடுத்தது, கடை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. வாஸ்துவை ஒதுக்கி வைத்துவிட்டு வெயிலையும் வண்டியையும் மட்டும் பார்ப்போம். நம் கடை சாலையின் மேற்குப் பக்கம். மாலையில் சூரியன் மேற்கே இறங்கும்போது மேற்குப் பக்கக் கட்டடங்களின் நிழல் சாலையில் விழுகிறது. ஐந்து மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி வருகிறவர் நிழலைத் தேடி, யோசிக்காமலே, மேற்கு ஓரமாக நடக்கிறார். நம் நாட்டில் வண்டிகள் இடப்பக்கம் போகின்றன. வடக்கே வீட்டுக்குப் போகிற வண்டிக்கு இடப்பக்கம் என்பதும் இதே மேற்கு ஓரம்தான். நிழலும் வண்டியும் ஒரே பக்கத்தில் கூடிவிட்டன. வீட்டுக்குத் திரும்புகிறவர்களின் பக்கம் இது. காலையில் எல்லாம் தலைகீழ். நிழல் கிழக்கு ஓரத்துக்குப் போய்விடும். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களும் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். நம் கடையின் முகத்தில் பத்து மணி வரை வெயில் அடிக்கும். இந்தக் கடை மாலைக் கடை. இதை விளம்பரத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

வெயிலைப் பற்றிப் பேசும்போது ஒரு வியப்பு. வடக்குப் பார்த்த கடைக்கு வெயிலே வராது என்று நம்புகிறவர்கள் பலர். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் சூரியன் தலைக்கு நேர்மேலே வந்து, அதைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது. ஆகஸ்ட் நடுவுக்குப் பிறகுதான் திரும்பி வருகிறது. இடைப்பட்ட நான்கு மாதம் காலை முதல் மாலை வரை சூரியன் வடக்குப் பக்கமாகவே பயணம் செய்கிறது. கத்திரி வெயில் அடிக்கும் நாட்களில் தெற்குப் பார்த்த கடை நிழலில் இருக்கும். வடக்குப் பார்த்த கடையில்தான் காலையும் மாலையும் சாய்ந்த வெயில் விழும். சாக்லேட்டோ இனிப்போ விற்கப்போகிறவருக்கு இது சின்ன விஷயமில்லை.

இனி நடமாட்டம். வணிக வளாகக்காரர்கள் ‘ஃபுட்ஃபால்’ என்று சொல்லும் இது, நாம் எடுத்துக்கொண்ட வாசலை ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்ற எண்ணிக்கை. வளாகங்களில் இதை எண்ண வாசலில் உணரிகளும் கேமராக்களும் உண்டு. நமக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். ஷட்டர் தூணிலிருந்து சாலைக்கு ஒரு கோடு இருப்பதாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதை யார் கடந்தாலும் ஒரு கோடு போடுங்கள். நான்கு கோட்டுக்குப் பின் ஐந்தாவது குறுக்காக. வீடு திரும்புகிறவர், நிலையத்துக்குப் போகிறவர், எதிர்ப்பக்கம் போகிறவர், இருசக்கர வண்டி என்று நான்கு பத்தி இருக்கட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டால் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

எவ்வளவு நேரம் எண்ணுவது? இங்கேதான் பெரும்பாலோர் தவறிவிடுகிறார்கள். ரயில் நிலையச் சாலையில் மனிதர்கள் சீராக ஓடும் ஆறாக வருவதில்லை. ரயில் நின்றதும் ஒரு கொத்து வருகிறது. பிறகு சாலை காலியாகிறது. அடுத்த ரயிலுக்கு அடுத்த கொத்து. பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றும், ரயில் வந்த ஐந்து நிமிடத்தில் தொண்ணூறு பேரும் அடுத்த ஐந்து நிமிடத்தில் இருபது பேரும் நம் கோட்டைக் கடக்கிறார்கள் என்றும் கொள்வோம். கூட்டத்தில் ஐந்து நிமிடம் எண்ணிப் பன்னிரண்டால் பெருக்கியவர் மணிக்கு 1080 பேர் என்று எழுதுவார். காலியான ஐந்து நிமிடத்தில் எண்ணியவர் 240 என்பார். உண்மை 660. இருவருமே பொய் சொல்லவில்லை, எண்ணிய நேரம்தான் சரியில்லை. ஆகவே மூன்று ரயிலாவது வந்து போகும் அளவுக்கு, அரை மணி நேரம் தொடர்ந்து எண்ண வேண்டும்.

எண்ணியது எவ்வளவு நம்பகமானது என்பதற்குப் புள்ளியியலில் ஓர் எளிய விதி இருக்கிறது. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாமல் ஆட்கள் வரும் இடத்தில், எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு அது இயல்பாகவே முன்பின் ஆடும். நூறு பேரை எண்ணினால் பத்துப் பேர், அதாவது நூற்றுக்குப் பத்து. நானூறு பேரை எண்ணினால் இருபது பேர், அதாவது நூற்றுக்கு ஐந்து. தடுமாற்றத்தைப் பாதியாக்க நான்கு மடங்கு எண்ண வேண்டும். கடைவீதிக்கு இந்த விதி ஓரளவு பொருந்தும். ரயில் சாலையில் ஆட்கள் கொத்தாக வருவதால் ஆட்டம் இதைவிடக் கூடுதல். அங்கே தலைகளைவிட ரயில்களின் எண்ணிக்கைதான் முக்கியம். மூன்று ரயில் என்பது மூன்று மாதிரிதான். ஒரு செவ்வாய், ஒரு வெள்ளி என்று இரண்டு மாலையாவது எண்ண வேண்டும், ஒரு ஞாயிறும் சேர்ந்தால் இன்னும் நல்ல படம் கிடைக்கும். சம்பளம் வந்த முதல் வாரத்தில் எண்ணினீர்களா, இருபதாம் தேதிக்குப் பிறகா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தலைகள் மாறாவிட்டாலும் பைகளின் கனம் மாறும்.

இதோடு முடிந்துவிடவில்லை. மாலை ஆறு முதல் ஒன்பது வரை இதே வீதம் என்றால் ஒரு மாலைக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் பேர். மாதத்தில் இருபத்தைந்து வேலைநாள் என்றால் ஐம்பதாயிரம். ‘மாதம் ஐம்பதாயிரம் பேர் கடக்கும் இடம்’ என்று எழுதலாமா? அந்த ஐம்பதாயிரத்தில் பெரும்பகுதி, அதே இரண்டாயிரம் பேர் இருபத்தைந்து முறை நடந்ததுதான். வேலைக்குப் போய் வருகிறவர்களின் சாலை, முகங்கள் மாறாத சாலை. பழனி அடிவாரத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே நேற்றுப் போன முகம் இன்று வராது. அதனால்தான் அத்தனை கடைகளும் அதே பஞ்சாமிர்தத்தை நாள்தோறும் புதியவருக்கு விற்க முடிகிறது. நம் சாலையில் ஒரு பொருளை ஒருமுறை வாங்கியவர் நாளையும் அதே இடத்தைக் கடப்பார். அவருக்கு நாளையும் தேவைப்படும் பொருளாக அது இருக்க வேண்டும். பரிசுப்பொருள் கடை முதல் மாதம் நன்றாக ஓடி, மூன்றாம் மாதம் ஈ ஓட்டுவது இதனால்தான். கூட்டம் குறையவில்லை, அந்த இரண்டாயிரம் பேரும் பார்த்து முடித்துவிட்டார்கள்.

கடப்பவரில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் வாடகையைத் தாங்கும் எண். மாதம் பன்னிரண்டாயிரம் என்றால் நாளைக்கு நானூறு ரூபாய். இரண்டாயிரம் பேரில் நூற்றுக்கு மூன்று பேர் நின்று, ஆளுக்கு ஐம்பது ரூபாய்க்கு வாங்குவதாகக் கணக்குப் போடுவோம். அறுபது பேர், மூவாயிரம் ரூபாய் விற்பனை. ரூபாய்க்குக் கால் ரூபாய் நிற்கும் சரக்கு என்றால் கையில் 750. வாடகை போக 350. மின்கட்டணமும் ஓர் ஆளின் சம்பளமும் அதிலிருந்து போக வேண்டும், தாங்காது. இப்போது நூற்றுக்கு ஐந்து பேர் நிற்கட்டும். நூறு பேர், ஐயாயிரம் விற்பனை, கையில் 1250, வாடகை போக 850. நூறு பேரில் இன்னும் இரண்டே பேர் நின்றார்கள். வாடகை போக மிஞ்சுவது இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. குறுக்குப் பலகையும், நிழல் ஓரமும், ஒற்றைப் படியும் வேலை செய்வது அந்த இரண்டு பேருக்காகத்தான்.

ஏற்ற தொழில் எது என்ற கேள்விக்கு இனிதான் வர முடியும். சில்லறைக் கடைகளுக்கு இடம் தேர்வது பற்றி ரிச்சர்ட் நெல்சன் என்ற அமெரிக்கர் 1958-இல் ஒரு நூல் எழுதினார். கடைகளை அவர் மூன்றாகப் பிரித்தார். தனக்கென்று கூட்டத்தை வரவழைக்கும் கடை ஒன்று. பக்கத்துக் கடைக்கு வந்தவர்களைப் பங்கிட்டுக்கொள்ளும் கடை இன்னொன்று. வேறு வேலையாகப் போகிறவர்களைப் பிடித்துக்கொள்ளும் கடை மூன்றாவது. ஈர்க்கும் கடை, பகிரும் கடை, ஏற்கும் கடை என்று தமிழில் சொல்லலாம். பேர்பெற்ற தையற்காரர் ஈர்க்கும் வகை. அவரைத் தேடி மூன்றாம் மாடிக்கும் ஆள் வரும். ஆகவே நம் இரண்டரை நொடிக்கு அவர் வாடகை கொடுப்பது வீண். கிளினிக்குக்குப் பக்கத்து மருந்துக்கடை பகிரும் வகை. ரயில் நிலையச் சாலையில் பூ, பழம், ரொட்டி, மாலைத் தின்பண்டம் எல்லாம் ஏற்கும் வகை. நம் கடையைப் போன்றதை உயிரோடு வைத்திருப்பவை கடைசி இரண்டும்தான்.

‘அருகில் இதே தொழில் இருக்கிறதா’ என்பதை மறைக்கப் பார்க்கும் உரிமையாளர்கள் உண்டு. அது குறையா நிறையா என்பது பொருளைப் பொறுத்தது. சென்னை ரிச்சி தெருவில் மின்னணுக் கடைக்குப் பக்கத்தில் மின்னணுக் கடை, புதுப்பேட்டையில் வண்டி உதிரிபாகக் கடைக்குப் பக்கத்தில் அதே கடை. நாலு இடம் விசாரித்து வாங்கும் பொருளுக்குக் கூட்டம் கூட்டத்தைச் சேர்க்கும். விசாரிக்காமல் வாங்கும் பாலுக்கும் பழத்துக்கும் பக்கத்துக் கடை போட்டிதான். நம் கடைக்கு முன்னால், நிலையத்தை ஒட்டி ஏற்கெனவே இரண்டு பழக்கடை இருந்தால், ரயிலிலிருந்து வருகிறவர் அங்கேயே வாங்கிவிட்டு வருவார். இதை விளம்பரத்தில் சொல்லிவிடுவது உரிமையாளருக்கும் நல்லது. பழக்கடைக்காரர் ஆறு மாதத்தில் காலி செய்துவிட்டுப் போவதால் யாருக்கும் லாபமில்லை.

தொழிலுக்குச் சட்டமும் ஓர் அளவு வைத்திருக்கிறது. சில்லறை மருந்துக்கடைக்கு உரிமம் வேண்டுமென்றால் கடை குறைந்தது 10 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கின்றன 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகள். அது ஏறக்குறைய 108 சதுர அடி. நம் 160 சதுர அடிக் கடை தாராளமாகத் தேறுகிறது. ஒன்பதுக்குப் பதினொன்று உள்ள பக்கத்துக் கடை 99 சதுர அடி. எதிரிலேயே மருத்துவமனை இருந்தாலும் அங்கே மருந்துக்கடைக்கு உரிமம் கிடைக்காது. இவ்வளவு சின்ன இடைவெளிதான், ஆனால் அது தெரியாமல் முன்பணம் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம். அதேபோல், கழிவுநீர்க் குழாய் இல்லாத கடை டீக்கடைக்கோ ஓட்டலுக்கோ ஆகாது. மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்திலா வணிகக் கட்டணத்திலா, ஒரு ஃபேஸா மூன்று ஃபேஸா என்பதைப் பொறுத்து ரொட்டி அடுப்பும் பெரிய குளிர்பெட்டியும் முடிவாகும்.

‘எல்லாத் தொழிலுக்கும் ஏற்றது’ என்ற வரி இத்தனையையும் மூடிவிடுகிறது. அதைப் படித்துவிட்டு மரச்சாமான் கடைக்காரர் முதல் உடற்பயிற்சிக் கூடம் வைக்க நினைப்பவர் வரை எல்லோரும் தொலைபேசியில் அழைப்பார்கள். எது ஏற்காது என்று ஒரு வரி எழுதினால் அழைப்புகள் குறையும். வருகிற அழைப்புகள் வேலைக்காகும். அளந்ததை வைத்து நம் கடைக்கு எழுதினால் இப்படி வரும்:

கடை வாடகைக்கு.
ரயில் நிலையத்திலிருந்து வடக்கே 3 நிமிட நடை. சாலையின் மேற்குப் பக்கம், கிழக்குப் பார்த்தது. வீடு திரும்புவோர் நடக்கும் ஓரம், மாலையில் நிழல்.
உள்ளளவு 10 × 16 அடி. ஷட்டர் திறப்பு 8 அடி. முன்னால் 3 அடி சொந்த இடம். ஒரே படி. சென்ற மழையில் தண்ணீர் உள்ளே வரவில்லை.
மாலை 6.30 முதல் 7.00 வரை கடைப்பக்கம் வீடு திரும்புவோர் சுமார் 330 பேர் (மாத நடுவில், செவ்வாய், வெள்ளி எண்ணியது). காலையில் நடமாட்டம் எதிர்ப்பக்கம்.
தனி மீட்டர், வணிகக் கட்டணம், ஒரு ஃபேஸ். கழிவுநீர்க் குழாய் இல்லை.
மருந்துக்கடை, ரொட்டி–தின்பண்டம் (வெளியில் செய்து கொண்டுவருவது), பூ, கைபேசி உதிரிபாகம் போன்றவற்றுக்கு ஏற்றது. சமையல், டீக்கடை, மரச்சாமானுக்கு ஏற்றதல்ல. நிலையத்தருகே 2 பழக்கடைகள் உள்ளன.
வாடகை ரூ. 12,000.

இதைப் படித்துவிட்டுக் கடை பார்க்க வருகிறவர் ஏற்கெனவே பாதி முடிவெடுத்துவிட்டு வருகிறார். மீதியை அவர் தானே சோதிப்பார். சோதிக்கத் தெரிந்தவர் சுவரையும் படிப்பார். ஷட்டருக்கு மேலே பழைய பலகைகளின் ஆணித் துளைகள் மூன்று நான்கு வரிசை இருந்தால், குறுகிய காலத்தில் பலர் வந்து போயிருக்கிறார்கள். அப்படிப்பட்ட கடையை ஊரில் ராசியில்லாத கடை என்பார்கள். என் பார்வையில், அவற்றில் பெரும்பாலானவை தப்பான தொழிலுக்கு விடப்பட்ட கடைகள். மாலைக் கடையில் காலைச் சிற்றுண்டி, பழகிய முகங்களின் சாலையில் பரிசுப்பொருள், கட்டைவிரல் கீற்றாகத் தெரியும் வாசலில் யோசித்து வாங்க வேண்டிய புடவை. மூன்று பேர் தோற்றபின் நான்காவதாக ஒரு மருந்துக்கடைக்காரர் வந்து பத்து வருடம் இருந்துவிட்டால், ராசி திரும்பிவிட்டது என்று சொல்வார்கள். திரும்பியது ராசியல்ல, இடத்துக்குப் பொருந்திய தொழில் வந்து சேர்ந்தது.

வாடகைக்கு விட ஒரு கடை வைத்திருப்பவர்கள் அட்டை எழுதுவதற்கு முன் இரண்டு மாலை கடை வாசலில் நாற்காலி போட்டு உட்காருங்கள். வருகிறவர் எந்த எண்ணையும் அரை மணி நேரத்தில் தாமே நின்று எண்ணிச் சரிபார்த்துவிட முடியும். ஆகவே எண்ணியதை மட்டும், எண்ணிய நாளோடும் நேரத்தோடும் எழுதுங்கள்.